‘அதுக்குள்ளயா?’ என்பது கேள்வி அல்ல

“அக்கா, மலேசியாவுல கிள்ளான்ல இருந்து சென்னைக்குப் படிக்க வந்து மூணு மாசம் ஆகுது. பழைய வண்ணாரப்பேட்டையில ஹாஸ்டல். போன வாரம் ஆப்ல பேசின ஒருத்தரை முதல் தடவையா நேர்ல பார்த்தேன். இருபது நிமிஷத்துலயே சரிவராதுன்னு தெரிஞ்சிருச்சு, ஆனா ரெண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கிளம்பறேன்னு சொன்னா ‘அதுக்குள்ளயா?’ன்னு கேட்டாரு. நம்ம ஊர்ல மலாய்ல ‘கெராக் டூலு’ன்னு சொல்லிட்டு எந்திரிச்சிரலாம். இங்க மனசு நோகாம என்ன சொல்லிட்டுக் கிளம்பறது?”

தங்கச்சி, நான் ஈப்போவிலிருந்து வந்து தண்டையார்பேட்டையில் குடியேறிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. நீ சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “சரிங்க, நான் கிளம்புறேன். நேரம் ஒதுக்கி வந்ததுக்கு ரொம்ப நன்றி. பார்த்துப் போங்க.” இதைச் சொல்வதில் ஒரு கஷ்டமும் இல்லை. இதற்கு அடுத்த வினாடியில்தான் நாம் மாட்டிக்கொள்கிறோம்.

நீ கிளம்புகிறேன் என்றதும் அவர் “அதுக்குள்ளயா?” என்றார் இல்லையா? நீ அதைக் கேள்வி என்று எடுத்துக்கொண்டு காரணம் சொல்லியிருப்பாய். ஹாஸ்டலில் நேரமாகிவிடும், நாளைக்குப் பரீட்சை, இப்படி ஏதாவது. இங்கே அது கேள்வி இல்லை, உபசாரம். வீட்டுக்கு வந்தவர் எழுந்ததும் “இருங்க, காபி சாப்பிட்டுப் போலாம்” என்கிறார்களே, அதே வகை. யாராவது கிளம்பும்போது சும்மா “சரி” என்று விட்டுவிட்டால், போனால் போதும் என்று நினைத்ததாக ஆகிவிடும். அதனால் ஒரு தடவையாவது தடுக்க வேண்டும். தடுக்கிறவருக்கே அது முறைக்காகச் சொல்வது என்று தெரியும். அதற்குக் காரணம் சொல்லப் போனால்தான் வம்பு. ஹாஸ்டல் எட்டரைக்குத்தானே மூடும், பரீட்சைக்கு ராத்திரி படிக்கலாமே என்று ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு தீர்வு வரும். அவர் உன்னைப் பிடித்து வைக்க நினைக்காவிட்டாலும், நீ ஒரு சிக்கலைச் சொல்கிறாய், அவர் உதவி செய்கிறார், அவ்வளவுதான்.

அதனால் “அதுக்குள்ளயா?” என்றால் சிரித்த முகத்தோடு “ஆமாங்க, கிளம்புறேன்” என்று அதே வார்த்தையை இன்னொரு தடவை சொல். புதிதாக எதையும் சேர்க்காதே. இந்த ஊரில் முதல் தடவை சொல்வது பேச்சு, இரண்டாவது தடவை சொல்வதுதான் முடிவு. சோறு போடும்போது பார்த்திருப்பாய். முதல் “போதும்” யார் காதிலும் விழாது, இலையின்மேல் கையை வைத்து இரண்டாவது தடவை சொன்னால்தான் கரண்டி நிற்கும். இதுவும் அப்படித்தான். இலைமேல் வைக்கிற கைக்குப் பதிலாக நீ எழுந்து நிற்க வேண்டும். உட்கார்ந்துகொண்டு சொன்னால் அது யோசனை, பையைத் தோளில் மாட்டி நின்றுகொண்டு சொன்னால் அது புறப்பாடு. “கிளம்பலாமா?” என்று மட்டும் கேட்டுவிடாதே. அது அவரிடம் அனுமதி கேட்பது. “இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமே” என்று சொல்ல அவருக்கு முழு உரிமை வந்துவிடும்.

அடுத்து, எந்த வார்த்தையில் விடைபெறுவது? ‘கெராக் டூலு’வில் ‘டூலு’ இருக்கிறது பார், நான் முதலில் போகிறேன், நீங்கள் இருங்கள் என்ற மரியாதையை அந்த ஒரு சொல்லே சுமந்துகொள்ளும். தமிழில் அதற்கு நேரான சொல் இல்லை. “போறேன்” என்று சொல்லக்கூடாது என்பதை நம் வீட்டிலும் சொல்லித்தான் வளர்த்திருப்பார்கள், “போயிட்டு வர்றேன்னு சொல்லு” என்று பாட்டி திருத்துவாள். டீக்கடையிலிருந்து எழுகிறவர்கூட “வர்றேண்ணா” என்றுதான் சொல்வார், அவர் திரும்பி வருவார் என்று யாரும் காத்திருப்பதில்லை. ஆனால் முதல் சந்திப்பில் எதிரே இருப்பவர் நாம் சொல்கிற ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுக்கொண்டிருப்பார். அங்கே “வர்றேன்” என்பது வருவேன் என்றே காதில் விழலாம். “கிளம்புறேன்” அபசகுனமும் இல்லை, வாக்குறுதியும் இல்லை. எனக்குத் தெரிந்து இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது.

“பார்க்கலாம்” என்ற சொல்லை அன்றைக்கு மட்டும் வாயில் வரவிடாதே. அதற்கு ‘மறுபடி சந்திக்கலாம்’ என்றும் அர்த்தம், ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்றும் அர்த்தம். கேட்கிறவர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார். நான் வந்த இரண்டாவது வருடம், ராயபுரத்தில் ஒரு ஜூஸ் கடையில் ஒருவரைச் சந்தித்தேன். நல்ல மனிதர்தான், ஆனால் பெண் பார்க்க வந்தவர் மாதிரி பேசினார். ஈப்போவில் சொந்த வீடா, அப்பாவுக்கு என்ன சம்பளம், திரும்பிப் போய்விடுவீர்களா என்று ஒரு மணி நேரம். எழும்போது பழக்கத்தில் “அப்புறம் பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டேன். புதன்கிழமை போன் வந்தது, எந்தக் கிழமை பார்க்கலாம் என்று. வெள்ளிக்கிழமை இன்னொன்று. மூன்றாவது போனில்தான் எனக்குச் சரிவராது என்றேன். “இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேங்க” என்றார். அவர் சொன்னது நியாயம். நான் மரியாதை என்று நினைத்துச் சொன்னது அவருக்கு ஒரு வாரக் காத்திருப்பாகிவிட்டது. அது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

சரி, எங்கே சந்திக்கிறோம் என்பதும் இதில் பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். என் அலுவலகத்தில் சேர்ந்த பினாங்குப் பெண் ஒருத்திக்குப் பாரிமுனை பக்கம், செகண்ட் லைன் பீச்சில் இருக்கிற அத்தோ கடைகளைச் சொன்னேன். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம் ஆட்கள் கொண்டுவந்த சாப்பாடு. கடைக்காரர் கிண்ணத்தில் நூடுல்ஸைப் போட்டு, முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பூண்டு எண்ணெய் எல்லாம் சேர்த்துக் கையாலேயே பிசைந்து கொடுப்பார். கூடவே சூடாக வாழைத்தண்டு சூப். நின்றுகொண்டே சாப்பிடுகிற இடம் என்பதால் சாப்பாடு முடிந்தால் சந்திப்பும் இயல்பாக முடிந்துவிடும். பிடித்திருந்தால் பக்கத்தில் ஒரு டீ, இல்லாவிட்டால் இல்லை. பில் வருகிற வரைக்கும் மேசையில் காத்திருக்கிற கதையே கிடையாது. சுற்றிலும் கூட்டம், பீச் ஸ்டேஷன் நடக்கிற தூரம்.

அவள் முந்தின நாளே “அஞ்சரைக்கு வர்றேன், ஆறரைக்குக் கிளம்பிருவேன்” என்று செய்தி அனுப்பியிருந்தாள். இது முக்கியம். நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஆறரைக்கு எழுவது அவரைப் பிடிக்காமல் எழுவதாகத் தோன்றாது. பிடித்துப்போனால் அரைமணி கூட இருக்க யாரும் தடுக்கப்போவதில்லை. அன்றைக்கு அந்தப் பையன் தன் முந்தைய காதலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தானாம். முட்டை மசாலா முடிந்ததும் அவள் தன் தட்டுக்குத் தானே கடைக்காரரிடம் பணம் கொடுத்தாள். கையில் 200 ரூபாய் சில்லறையாக வைத்துக்கொள் என்று நான் சொல்லியிருந்தேன், உனக்கும் அதையே சொல்கிறேன். “நான் குடுக்குறேன்” என்று அவர் ஒரு தடவை சொல்வார், அதுவும் உபசாரம்தான். “இருக்கட்டுங்க” என்றால் போதும். அப்புறம் பையை மாட்டிக்கொண்டு அந்த வரியைச் சொன்னாள்.

“இன்னாங்க, அதுக்குள்ளயா?”

“ஆமாங்க, கிளம்புறேன்.”

“வாங்க, பைக்ல விட்டுர்றேன்.”

இந்த இடத்தில்தான் நம் ஊர்ப் பெண்கள் பலர் விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். மறுத்தால் நம்பவில்லை என்று நினைப்பாரோ என்ற தயக்கம். ஏறினால் உன் ஹாஸ்டல் வாசல் அவருக்குத் தெரிந்துவிடும், வழியில் இன்னொரு டீ வரும், வாசலில் இன்னொரு விடைபெறலும் வரும். அவள் “வேணாங்க, எனக்கு ட்ரெயின் வசதி. பார்த்துப் போங்க” என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டாள். “பார்த்துப் போங்க” என்பதை விட்டுவிடாதே. அது அவர்மேல் அக்கறை காட்டுகிற சொல், அதோடு அவரையும் கிளம்பச் சொல்கிற சொல். சொன்னபின் நிற்காமல் நட. உனக்கு வண்ணாரப்பேட்டைக்கு மெட்ரோவும் இருக்கிறது, ஷேர் ஆட்டோவும் இருக்கிறது, போகிற வழியை முதலிலேயே மனதில் வைத்துக்கொண்டு போ.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, தோழிக்கு விபத்து என்று தோழியை விட்டுப் போன் பண்ணச் சொல்வதை நான் சொல்லித் தரமாட்டேன். நம் பகுதி சின்னது. தீபாவளிக்கு முன்னால் எம்.சி. ரோட்டில் துணி எடுக்கப் போனால் தெரிந்த முகம் பத்தாவது எதிரே வரும். அவர் அக்கறையாக “அம்மா எப்படி இருக்காங்க?” என்று கேட்டால் நீ என்ன சொல்வாய்?

ஒன்றை மட்டும் தனியாக வைத்துக்கொள். மேலே சொன்னதெல்லாம் சலிப்பான, பொருந்தாத சந்திப்புக்கு. அவர் கையைப் பிடித்தாலோ, நடக்கும்போது பின்னால் வந்தாலோ, நடுவழியில் இடத்தை மாற்றச் சொல்லி வற்புறுத்தினாலோ, நன்றியும் வேண்டாம், வரியும் வேண்டாம். நேராகக் கூட்டம் இருக்கிற கடைக்குள் போய் அங்கிருக்கிற பெண்களிடம் சொல். 112 போலீஸ், 181 பெண்கள் உதவி எண். இரண்டையும் இப்போதே போனில் போட்டு வை.

நல்லபடியாகக் கிளம்பிவிட்டால் அன்றைக்கு ராத்திரியே ஒரு செய்தி அனுப்பிவிடு. மறுநாளுக்குத் தள்ளினால் அதற்குள் அவர் “சாப்டீங்களா?” என்று ஆரம்பித்துவிடுவார், அப்புறம் எழுதுவது கஷ்டம். நான் அவளுக்கு எழுதிக் கொடுத்தது இது: “இன்னைக்கு வந்ததுக்கு நன்றிங்க. நமக்குள்ள ஒத்துப்போகும்னு எனக்குத் தோணல, அதான் உடனே சொல்லிட்டேன். உங்களுக்கு நல்லபடியா அமையட்டும்.” அந்த “அமையட்டும்” இங்கே நன்றாக எடுபடும். குறை சொல்லாமல் முடித்துவைக்கிற சொல் அது. ஏன் என்று கேட்டு வந்தால் “எனக்குத் தோணலைங்க, அவ்வளவுதான்” என்று ஒரே ஒரு தடவை பதில் போடு. அதற்கு மேல் எழுதாதே.

அத்தோ சாப்பிட வேண்டும் என்றால் சொல். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் இருப்பேன்.