பிஎல்டிசி ஃபேன் விற்க ஈபி பில்லைக் கேளுங்கள்

கேள்வி: வேளச்சேரியில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறேன். கரண்ட் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி ஃபேன் 3,100 ரூபாய் என்றதும் "சாதா ஃபேனே 1,700க்குக் கிடைக்குதே, ரொம்ப ஜாஸ்தி" என்கிறார்கள். 200, 300 குறைத்தால்தான் நகர்கிறது. குறைக்காமல் எப்படி விற்பது?

பதில்:

முதலில், அந்த 200 ரூபாய் எங்கிருந்து போகிறது என்று பாருங்கள். ஃபேன் உங்களுக்கு 2,700க்கு வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். லாபம் 400. அதில் 200 தள்ளுபடி என்றால் போவது பாதி லாபம். அதே காசைப் பார்க்க இரண்டு ஃபேன் விற்க வேண்டும்.

"ஜாஸ்தி" என்றதும் வாட், மோட்டார் என்று விளக்கத் தொடங்காதீர்கள். "எதோட பார்த்து ஜாஸ்தின்னு சொல்றீங்க சார்?" என்று கேளுங்கள். "இதே மாடல் பாரிஸ் கார்னர்ல கம்மி" என்றால், மின்சார மிச்சத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை, அது அங்கே வாங்கினாலும் கிடைக்கும். அவருக்குச் சொல்ல வேண்டியது உங்கள் கடையைப் பற்றி: வீட்டுக்கு வந்து மாட்டித் தருவது, வாரண்டிக்குள் ஃபேனின் எலக்ட்ரானிக் போர்டு போனால் நீங்களே புகார் பதிந்து மாற்றித் தருவது. "சாதா ஃபேனோட பார்த்தா" என்பவருக்குத்தான் கீழே சொல்லும் கணக்கு.

அவருடைய கடைசி ஈபி பில்லை போனில் எடுக்கச் சொல்லுங்கள். பார்க்க வேண்டியது இரண்டு மாத யூனிட் மட்டும். பிறகு, எந்த ஃபேன் அதிகம் ஓடுகிறது, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள்.

ஹால் ஃபேன் 14 மணி நேரம், பில் 530 யூனிட் என்கிறார். சாதா ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி 30 வாட். வித்தியாசம் 45 வாட். 14 மணி நேரத்துக்கு 630 வாட்-மணி, 60 நாளுக்கு ஏறக்குறைய 38 யூனிட். பில் 530லிருந்து 492க்கு வருகிறது.

பலரும் இந்த 38ஐச் சராசரி விலையால் பெருக்கிவிடுகிறார்கள். அது தப்பு. யூனிட் கூடக்கூட விலை ஏறும் ஸ்லாப் முறையில், மிச்சமாவது மேல் ஸ்லாபிலிருந்து கழியும். 500க்கு மேலுள்ள 30 யூனிட் எட்டரை ரூபாய்ச் சொச்சம், மீதி 8 ஆறரை ரூபாய்க்குக் கிட்ட. இதிலேயே 300 ரூபாய். அதோடு, 500ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குச் சலுகை விலை கிடைக்காது, ஏறக்குறைய இரட்டிப்பாகும். 492க்கு இறங்கியதும் அது திரும்ப வருகிறது, இன்னொரு 240 ரூபாய். ஆக ஒரு பில்லில் சுமார் 550. கூடுதலாகக் கொடுக்கும் 1,400க்கு எதிரே இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவர் கையில் கொடுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் காட்ட அது உதவும்.

ஆனால் கோடை பில்லை வைத்து வருடம் முழுக்கப் பெருக்காதீர்கள். மார்கழியில் அதே வீடு 430 யூனிட்தான் வரும், மிச்சமும் 200 ரூபாய் அளவில் நிற்கும். குறைந்த வேகத்தில் ஓட்டினாலும் மிச்சம் கொஞ்சம் குறையும். இரண்டு கோடை பில், இரண்டு மழைக்கால பில் சேர்த்து, "எட்டு மாசத்துல கூடுதல் காசு திரும்பிடும்" என்று சொன்னால் போதும். "மூணே மாசம்" என்று அடித்துவிட்டால் அடுத்த பில் வந்ததும் திரும்பி வந்து கேட்பார்.

நம்பாதவருக்கு ப்ளக்கில் சொருகும் வாட் மீட்டர் ஒன்று கவுண்டரில் இருக்கட்டும். ஒரே அளவு 1,200 மில்லிமீட்டர் ஃபேன் இரண்டையும் ஓட்டி, எண்ணை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். காற்றும் சரியாக வருகிறதா என்று அடியில் நின்று பார்க்கட்டும். வாட் குறைவு, காற்றும் குறைவு என்றால் யாரும் வாங்கமாட்டார்கள்.

குறையையும் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். சாதா ஃபேன் சுற்றாமல் போனால் தெருமுனை எலக்ட்ரீஷியன் கண்டன்சர் மாற்றிவிடுவார். இதில் போர்டு போனால் சர்வீஸ் சென்டர்தான், அதனால் வாரண்டி எத்தனை வருடம் என்பதும் விலையில் சேர்த்தி. பழைய ரெகுலேட்டர் வழியாக இணைத்தால் ஃபேன் இரையும், போர்டும் கெடலாம். ரெகுலேட்டரைக் கழற்றி நேர் இணைப்பு கொடுக்க வேண்டும். எதையாவது கொடுத்தே ஆக வேண்டுமென்றால் 200 ரூபாய்க்குப் பதில் இந்த வேலையை இலவசமாகச் செய்து கொடுங்கள். உங்கள் ஆள் சரியாக மாட்டினால் பாதிப் புகார் வராது.

பில் 180 யூனிட் காட்டும் வீடு என்றால்? அங்கே 38 யூனிட்டின் மிச்சம் 90 ரூபாய்தான், 1,400 திரும்ப இரண்டரை வருடம் ஆகும். இன்வெர்ட்டர் வைத்திருந்து பேட்டரி கூடுதல் நேரம் நிற்க வேண்டும் என்று கேட்டால் ஒழிய, அவருக்கு 1,700 ரூபாய் ஃபேனையே எடுத்துக் கொடுங்கள்.