மீந்த சிக்கன் குழம்புக்கு பெயின் மேரி போதுமா?

கேள்வி: சத்துவாச்சாரியில் சின்ன மெஸ் நடத்துகிறோம் சார். மதியம் வைக்கிற சிக்கன் குழம்பு பன்னிரண்டு லிட்டர் வரைக்கும் மீந்துவிடுகிறது. குண்டானோடு மூடி வைத்து ராத்திரி சூடு பண்ணிப் போடுகிறோம். போன வாரம் ரெண்டு பேர் வயிற்றால் போனது என்று வந்து சொன்னார்கள். குழம்பு புளிக்கவும் இல்லை, வாடையும் இல்லை. பெயின் மேரி வாங்கினால் சரியாகுமா, இல்லை பெரிய ஃப்ரிட்ஜ் வாங்கணுமா?

பதில்: கீழே வெந்நீர் நிற்க மேலே தட்டுகளில் குழம்பைச் சூடாகவே வைத்திருக்கும் பெயின் மேரியை வாங்குங்கள், ஆனால் அது மதியப் பந்திக்குத்தான் உதவும். உங்கள் சிக்கல் மூன்றரை மணிக்கு அடுப்பை அணைத்த பிறகு ஆரம்பிக்கிறது. அதற்குப் பெரிய ஃப்ரிட்ஜும் மருந்து இல்லை.

கறிக்குழம்பில் அடிக்கடி வில்லனாக வருவது கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியா. குழம்பு கொதிக்கும்போது இது செத்தாலும் இதன் வித்துகள் சாகாது. கொதியில் காற்று வெளியேறிவிடுவதால், ஆழமான குண்டானின் நடுப்பகுதி காற்றே பிடிக்காத இந்தக் கிருமிக்கு ரொம்ப வசதி. சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் வித்துகள் முளைக்கத் தொடங்கும், 45 டிகிரி வாக்கில் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். வேலூர் மே மாதத்தில் சமையல்கட்டே 40 டிகிரியில் இருக்கும்போது மூடின குண்டான் எங்கே ஆறும், ராத்திரி ஏழு மணிக்கும் நடுவில் அதே சூட்டில்தான் நிற்கும். வாடையும் வராது, நுரையும் வராது. சாப்பிட்டு எட்டிலிருந்து பதினாறு மணி நேரம் கழித்துத்தான் வயிறு பிடிக்கும் என்பதால் சாப்பிட்டவருக்கும் சந்தேகம் வேறு பக்கம் போய்விடும். திரும்பச் சூடு பண்ணும்போது ஓரத்தில் குமிழி வந்ததும் இறக்கிவிடுகிறோம், நடுவில் அது சாகிற சூடு வந்திருக்காது. அதோடு வேறு சில கிருமிகள் கக்கி வைத்த நஞ்சு கொதித்தாலும் போகாது.

அதனால் முதலில் வாங்க வேண்டியது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற, கம்பி மாதிரி முனை உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர். ஐஸ் கட்டியும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த டம்ளரில் நுழைத்தால் பூஜ்யம் காட்ட வேண்டும், ஒரு டிகிரி முன்னேபின்னே பரவாயில்லை. அதற்கு மேல் தப்பினால் மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

ரெண்டாவது, ஸ்டீல் தட்டுகள். பந்தியில் வைக்கிற ஆறரை சென்டிமீட்டர் ஆழத் தட்டு மூன்று போதும். பன்னிரண்டு லிட்டரை ஒவ்வொன்றிலும் நாலு லிட்டராக ஊற்றினால் குழம்பு மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்குள்தான் நிற்கும். தட்டுகளைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, கரண்டியால் அவ்வப்போது கிளறுங்கள். மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் மதியத்தில் சுடச்சுட வரும் என்பதால் அது முதல் கட்டத்துக்கு மட்டுமே, அப்புறம் எட்டுப் பத்துக் கிலோ ஐஸ் போட வேண்டியிருக்கும். அந்த ஐஸ் குழம்பில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், மீன் கடைக்கு வருகிற ஐஸ் குடிநீரில் செய்ததாக இருக்காது. 60 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு ரெண்டு மணி நேரத்துக்குள் வர வேண்டும். அங்கிருந்து ஃப்ரிட்ஜில் வைத்து, முடிந்தால் அடுத்த ரெண்டு மணி நேரத்தில், 5 டிகிரிக்கு இறக்கிவிடுங்கள். ரெண்டு மணி நேரத்தில் 21 வரவில்லை என்றால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். சூடான குண்டானை நேராக ஃப்ரிட்ஜில் திணித்தால் உள்ளே இருக்கிற பாலும் தயிரும் சேர்ந்து சூடாகும், குழம்பின் நடுப்பகுதி ராத்திரி வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். பெரிய ஃப்ரிட்ஜ் வாங்கினாலும் இதே கதைதான். சூடான சாப்பாட்டைச் சீக்கிரமாகக் குளிர வைக்கிற, லட்சக்கணக்கில் விலை சொல்கிற பிளாஸ்ட் சில்லர் உங்கள் அளவுக்குத் தேவையில்லை.

இனி பெயின் மேரி. அது சூட்டைக் காப்பாற்றும் பெட்டி, ஆறின குழம்பைச் சூடாக்கும் அடுப்பு அல்ல. கடையில் காட்டுகிற தெர்மோஸ்டாட் எண் கீழே உள்ள தண்ணீரின் சூடு, குழம்பின் சூடு அதைவிடக் குறைவாக இருக்கும். வாங்கும்போது தட்டுகளில் 80 டிகிரி வெந்நீர் ஊற்றி மூடி வைத்து ஒரு மணி நேரம் காத்திருந்து, ஒவ்வொரு தட்டின் நடுவிலும் அளந்து பாருங்கள், ஓரத்தட்டு உட்பட எல்லாம் 65-க்கு மேல் இருந்தால் பணம் கொடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடை பார்க்கலாம். கரண்ட் போகிற ஏரியா என்றால் கீழே கேஸ் பர்னர் உள்ளதையே கேளுங்கள்.

மீந்ததை ராத்திரிக்கு எடுக்கும்போது தேவையான அளவை மட்டும் அகலமான சட்டியில் கிளறி, நடுவில் 75 டிகிரி காட்டியதும் இன்னும் ரெண்டு நிமிஷம் விட்டு இறக்குங்கள். அதிலும் மிச்சமானால் மறுநாளுக்கு வைக்காதீர்கள். உங்கள் பக்கத்து லாட்ஜுகளில் வைத்தியத்துக்கு வந்து தங்குகிறவர்கள் நிறைய, அவர்களுக்குப் பார்சல் போகிறது என்றால் அன்று மதியம் மீந்ததைக் கொடுக்காமல் இரவுக்குப் புதிதாகக் கொஞ்சமாக வைத்துவிடுவதே நல்லது.