மொட்டை மாடி ஆக்சஸ் பாயிண்ட்: தண்ணீர் கேபிள் வழியாகத்தான் வரும்

கேள்வி: மொட்டை மாடியில் வைஃபை எடுக்கவில்லை. அங்கே பிளக் பாயிண்ட்டும் இல்லை. மழை தாங்கும் ஆக்சஸ் பாயிண்ட்டை ஒரே கேபிளில் கரண்ட்டும் கொடுத்து ஓட்டலாமா? எதில் கவனமாக இருக்கணும்?

பதில்: தாராளமாக ஓட்டலாம். ரவுட்டர் பக்கத்தில், நெட்வொர்க் கேபிளிலேயே கரண்ட்டையும் ஏற்றி அனுப்பும் ஒரு பிஓஇ இன்ஜெக்டர் வையுங்கள். ரவுட்டரிலிருந்து வரும் கேபிள் அதன் லேன் துளைக்கு, மாடிக்குப் போகும் கேபிள் பிஓஇ துளைக்கு. கேபிள் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. வீட்டில் 30 மீட்டருக்கு மேல் போவதே அபூர்வம். இன்ஜெக்டரை மட்டும் கையில் கிடைத்ததை மாட்டாதீர்கள். 802.3af வகை, எதிரில் இருக்கும் கருவியைச் சோதித்த பிறகே 48 வோல்ட் அனுப்பும். 24 வோல்ட் பாசிவ் வகை எதையும் கேட்காமல் கரண்ட்டைத் தள்ளிவிடும். ஆக்சஸ் பாயிண்ட் எதைக் கேட்கிறதோ அதுதான் வேண்டும்.

இனி நான் பட்டது. டேங்க் ஸ்டாண்டில் மாட்டி எட்டு மாதம் பிரச்சினையே இல்லை. ஐப்பசி மழை பிடித்ததும் வேகம் 94 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஏறவில்லை. ரவுட்டர் பழசாகிவிட்டது என்று அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு வாரத்தில் ஆக்சஸ் பாயிண்ட் தானாக அணைந்து அணைந்து எரிந்தது. கழற்றிப் பார்த்தால் பிளக்கில் 4, 5 பின்கள் பச்சை பூத்திருந்தன.

என் இன்ஜெக்டர் கரண்ட்டை 4, 5, 7, 8 பின்களில் அனுப்புகிறது. ஈரத்தோடு டிசி சேர்ந்தால் பிளஸ் பக்கப் பின்தான் முதலில் அரிக்கும். ஜிகாபிட்டுக்கு எட்டு கம்பியும் வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 போதும். அதனால்தான் முதலில் வேகம் விழுந்தது, கரண்ட் பிறகு போனது.

பெட்டி ஒழுகவில்லை. கேபிள் மேலிருந்து நேராக இறங்கியதால் மழைநீர் அதைப் பிடித்துக்கொண்டே உள்ளே போயிருக்கிறது. கேபிள் நுழையும் வாயை ரப்பரோடு இறுக்கி அடைக்கும் கிளாண்ட் நட்டை நான் முறுக்கவும் இல்லை.

பளபளப்பான செம்பு தெரியும்வரை கேபிளை வெட்டினேன். கிளாண்ட் நட்டையும் ரப்பரையும் முதலில் கேபிளில் கோர்த்துவிட்டு, அப்புறம்தான் புது பிளக் கிரிம்ப் செய்ய வேண்டும். என் கிளாண்ட்டுக்குள் பிளக் நுழையாது. இப்போது பெட்டியின் வாய் கீழ்நோக்கி இருக்கிறது. கேபிள் வாய்க்கு ஒரு சாண் கீழே இறங்கி, வளைந்து மேலேறி உள்ளே போகிறது. நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். வாய்க்குப் பக்கத்தில் சின்ன வடிகால் ஓட்டை இருந்தால் அதை சிலிக்கான் பூசி அடைத்துவிடாதீர்கள்.

கேபிள் வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்ட அவுட்டோர் வகையாக இருக்கட்டும். கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். ஈரத்தில் இன்னும் சீக்கிரம் போய்விடும், கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

இடி இடித்தால் நான் இன்ஜெக்டரின் பிளக்கையும் ரவுட்டருக்குப் போகும் கேபிளையும் பிடுங்கிவிடுவேன். மழை விட்டதும் ரவுட்டர் பக்கத்தில் இணைப்பு வேகம் 1000 காட்டுகிறதா என்று ஒருமுறை பார்ப்பேன். 100 என்று காட்டினால் ஏணியை எடுக்க வேண்டியதுதான்.