சதுர அடுக்கில் பந்துகள்: பெட்டியில் எவ்வளவு நிரம்பும்?

கேள்வி: 30 செ.மீ. பக்கமுள்ள கனசதுரப் பெட்டியில் ஒரே அளவுப் பந்துகளை, கீழ்ப் பந்தின் தலைக்கு நேர் மேலே அடுத்த பந்து வரும்படி சதுர அடுக்காக வைத்தால், பெட்டியின் எத்தனை பங்கு நிரம்பும்? சிறிய பந்துகளாகப் போட்டால் அதிகம் கொள்ளுமா?

பந்துகள் பெட்டிக்குள் இடைவெளி மிஞ்சாமல் சரியாகப் பொருந்தினால், பெட்டியின் கன அளவில் π/6 பங்கு, அதாவது ஏறத்தாழ 52.36 சதவீதம் நிரம்பும். பந்து பெரிதானாலும் சிறிதானாலும் இந்தப் பங்கு மாறாது.

காரணம் எளியது. இந்த அடுக்கில் ஒவ்வொரு பந்தையும் சுற்றி, அதன் விட்டத்தையே பக்கமாகக் கொண்ட ஒரு கனசதுர அறை இருப்பதாகக் கொள்ளலாம். பந்து அந்த அறையின் ஆறு முகங்களையும் நடுவில் தொட்டு நிற்கும். எட்டு மூலைகளும் காலியாகவே கிடக்கும். விட்டம் d என்றால் அறையின் கன அளவு d³, பந்தின் கன அளவு πd³/6. ஒன்றை மற்றொன்றால் வகுக்கும்போது d³ அடிபட்டுப்போவதால், விடையில் பந்தின் அளவுக்கு இடமே இல்லை. முழுப் பெட்டியும் இத்தகைய அறைகளின் தொகுப்புதான் என்பதால், ஓர் அறைக்குக் கிடைத்த விகிதமே பெட்டிக்கும் பொருந்துகிறது.

5 செ.மீ. விட்டமுள்ள பந்துகளை எடுத்துக்கொள்வோம். ஒரு வரிசைக்கு 6 வீதம் மொத்தம் 216 பந்துகள் பிடிக்கும். ஒரு பந்தின் கன அளவு சுமார் 65.45 கன செ.மீ. என்பதால் எல்லாம் சேர்ந்து 14,137 கன செ.மீ. ஆகும், பெட்டியின் கொள்ளளவோ 27,000. இப்போது 3 செ.மீ. பந்துகளுக்கு மாறினால் எண்ணிக்கை 1,000 ஆக உயர்ந்தாலும், மொத்தக் கன அளவு அதே 14,137தான்.

நடைமுறையில் கணக்கு தவறுவது, விட்டம் பெட்டியின் பக்கத்தை மீதமின்றி வகுக்காதபோதுதான். 4 செ.மீ. பந்துகள் வரிசைக்கு 7 மட்டுமே பிடிக்கும். அவை 28 செ.மீ. நீளத்தை அடைத்துவிட்டு 2 செ.மீ. இடத்தை வெறுமையாக விடும். அந்த இழப்பு நீளம், அகலம், உயரம் மூன்றிலும் நேர்வதால், 28/30 × 28/30 × 28/30 என்று பெருக்கி, அதை 52.36 சதவீதத்தோடு பெருக்க வேண்டும். கிடைப்பது 42.57 சதவீதம், வெறும் 2 செ.மீ. மிச்சம் ஏறக்குறைய 10 சதவீதப் புள்ளிகளைத் தின்றுவிடுகிறது. ஓரத்தில் மிஞ்சும் இடம் எப்போதும் ஒரு விட்டத்துக்குக் குறைவாகவே இருக்கும் என்பதால், பந்து மிகச் சிறியதாகும்போது இந்த இழப்பு தேய்ந்து, விகிதம் 52.36ஐ நெருங்கும், ஆனால் அதைத் தாண்டாது. சிறிய பந்து அதிகம் கொள்ளும் என்ற எண்ணத்தில் உண்மையாக இருப்பது இவ்வளவுதான்.

இந்த அடுக்கு நெருக்கமானதன்று என்பதையும் கவனிக்க வேண்டும். சிறிய உருண்டைகளைப் பெரிய கலத்தில் கொட்டி நன்றாகக் குலுக்கினாலே ஏறத்தாழ 64 சதவீதம் நிரம்பிவிடும். மேல் அடுக்கின் பந்துகளை, கீழே நான்கு பந்துகளுக்கு நடுவே உள்ள குழியில் உட்கார வைத்தால் இன்னும் நெருங்கும். அவ்வகை அடுக்கின் எல்லை, ஓர இழப்பு இல்லாத நிலையில், சுமார் 74 சதவீதம். நம் பெட்டியில் 5 செ.மீ. பந்துகளை அப்படி வைத்தால், அடுக்குக்கு அடுக்கு உயரம் 3.54 செ.மீ. மட்டுமே கூடுவதால் 8 அடுக்குகள் பிடிக்கும். அவற்றில் 36, 25 என மாறி மாறி வந்து மொத்தம் 244 பந்துகள் ஆகும். சுவரோரங்களில் வெற்றிடம் கிடப்பதால் நிரம்புவது 59 சதவீதமே. ஆயினும் நேரடுக்கைவிட 28 பந்துகள் கூடுதல்.

ஆகவே, உங்கள் அடுக்கு உண்மையிலேயே நேராக நிற்கிறதா என்று மேலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள். நேரடுக்கில் நான்கு பந்துகளின் நடுவே உள்ள சந்து வழியாகப் பெட்டியின் அடித்தளம் தெரியும். சந்தில் வேறொரு பந்தின் முதுகு தெரிந்தால் ஏதோ ஓர் அடுக்கு குழிக்குள் சரிந்துவிட்டது. அடுக்கிக்கொண்டிருக்கும்போதும், ஓரத்தில் இடம் மிஞ்சும் பெட்டிகளிலும் இது எளிதில் நேரும்.

அளந்து சரிபார்க்க விரும்பினால், நீர் கசியாத பெட்டியும், நீரை உறிஞ்சாமல் அதில் மூழ்கும் பந்துகளும் தேவை. 216 பந்துகளையும் அடுக்கிவிட்டு விளிம்புவரை நீர் ஊற்றினால், சுமார் 12.86 லிட்டர் பிடிக்க வேண்டும். மிதக்கும் பந்துகள் என்றால் அடுக்கு கலைந்து மேலெழுந்துவிடும். துளையிட்ட மூடியால் அவற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் ஊற்ற வேண்டும்.