ஓர் ஆராய்ச்சியாளரை மேடையில் அறிமுகம் செய்ய வேண்டும். அவருடைய ஆய்வு எனக்கே புரியவில்லை. எல்லோருக்கும் புரிகிற மாதிரி ஒரே வாக்கியத்தில் எப்படிச் சொல்வது?

அவர் அனுப்பும் தன்விவரக் குறிப்பிலிருந்து மட்டும் அந்த வாக்கியத்தை எடுக்காதீர்கள். அது அவருடைய துறைக்காரர்களுக்காக எழுதியது. நான் ஒருமுறை எடுத்து விழித்தேன்.

பொதுமக்களுக்கான சொற்பொழிவு அது. பேச வந்தவர், உறையவைத்த பொருளை எலக்ட்ரான்கள் பாய்ச்சிப் படமெடுக்கும் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியில் புரதங்களை ஆராய்பவர். குறிப்பில் இருந்ததை எளிமையாக்குவதாக நினைத்து, "இவர் புரதங்களை உறையவைத்து ஆராய்கிறார்" என்று எழுதினேன். முந்தைய நாள் நண்பரிடம் படித்துக் காட்டினால், "சரி, உறைந்தால் புரதத்துக்கு என்ன ஆகும்?" என்கிறார். குளிர்தான் ஆய்வு என்று நினைத்துவிட்டார். வாக்கியத்தில் கடினமான சொல் ஒன்றும் இல்லை, ஆனால் எப்படிச் செய்கிறார் என்பது இருந்ததே தவிர எதற்காக என்பது இல்லை.

அப்புறம் ஆய்வாளரையே போனில் பிடித்தேன். "என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டால் குறிப்பையே ஒப்பிப்பார்கள். அதனால் "இதில் எது கஷ்டம்?" என்று கேட்டேன். எலக்ட்ரான்கள் பட்டால் புரதம் சிதைந்துவிடும், ஆகவே மிகக் கொஞ்சமாகத்தான் பாய்ச்ச முடியும் என்றார். கொஞ்சமாகப் பாய்ச்சினால் படம் மங்கல். ஒரு படத்தைத் தனியாகப் பார்த்தால் புள்ளிக் குப்பைக்குள் புரதம் எங்கே என்றே தேட வேண்டியிருக்கும். ஆனால் ஒரே புரதத்தின் ஏராளமான பிரதிகள் வெவ்வேறு பக்கம் திரும்பியபடி உறைந்திருக்கின்றன. லட்சக்கணக்கான அந்தப் படங்களைக் கணினி பக்கவாட்டில், மேலிருந்து என்று வகைபிரித்து, ஒரே வகையை அடுக்கிச் சராசரி எடுக்கிறது. குப்பை ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு இடத்தில் விழுவதால் சராசரியில் மறைந்துபோகிறது. புரதம் மட்டும் நிற்கிறது.

உறையவைப்பதை வெட்டினேன், எலக்ட்ரானையும் வெட்டினேன். மிஞ்சியது இது: "ஒரு புரதத்தை லட்சம் மங்கலான படங்களாக எடுத்து, அவற்றை அடுக்கி அதன் தெளிவான உருவத்தைக் கண்டுபிடிப்பவர் இவர்."

அனுப்பி, "இதில் எது பொய்?" என்று கேட்டேன். "சரியா?" என்று கேட்டால் மரியாதைக்குச் சரி என்றுவிடுவார்கள். இரண்டு சொன்னார். ஒரே மூலக்கூறை லட்சம் தடவை எடுப்பதில்லை, "ஒரே வகைப் புரதத்தை" என்று மாற்றச் சொன்னார், மாற்றினேன். ஆடிக்கொண்டே இருக்கும் பகுதிகள் சராசரியிலும் மங்கலாகத்தான் வரும் என்பது இரண்டாவது. அதைத் தன் பேச்சில் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். "புதிய மருந்துகளுக்கு வழிகாட்டும்" என்று ஒரு வால் சேர்க்க எனக்கு ஆசை, அவர் விடவில்லை.

இந்த அடுக்கும் கணக்கை வளர்த்ததற்காக யோவாகிம் ஃபிராங்க் 2017 வேதியியல் நோபலில் பங்கு பெற்றார். அதையும் சொல்லவில்லை, சொன்னால் பாதிப் பேர் மேடையில் இருப்பவர்தான் நோபல் வாங்கியவர் என்று நினைப்பார்கள்.

பேச்சு முடிந்ததும் வந்த முதல் கேள்வி, "ஒரு படமே மங்கல் என்றால் லட்சம் சேர்த்தால் இன்னும் குழப்பமாகாதா?"