வெளிநாட்டுத் தமிழ் வகுப்பின் வருகை, கட்டணம், ஆசிரியர் முறை: பதிவேடு வைப்பது எப்படி?

கேள்வி: நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து இங்கிலாந்துக்குச் சென்ற சில குடும்பங்கள் சேர்ந்து, பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் இணையவழியில் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். ஊரில் இருக்கும் சிலரும் தன்னார்வமாகப் பாடம் எடுக்கிறார்கள். வருகைப்பதிவு, அண்ணன் தம்பிகளுக்கான கட்டணச் சலுகை, யாருக்கு எந்த வாரம் வகுப்பு என்பது எல்லாம் ஒரே தாளில் கிடந்து குழம்புகிறது. எப்படிப் பிரித்து வைப்பது?

பதில்:

இதே போன்ற ஒரு வகுப்பின் கணக்கைத் தக்கலையில் இருந்துகொண்டு கவனித்து வருகிறேன். வருகை என்பது பிள்ளையைச் சேர்ந்தது, கட்டணம் குடும்பத்தைச் சேர்ந்தது, ஆசிரியர் முறை வகுப்பைச் சேர்ந்தது. ஒரே கோப்பில் மூன்று தனித் தாள்கள் வைத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பிள்ளை எண்ணும் ஒரு குடும்ப எண்ணும் கொடுத்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

குடும்ப எண் ஏன் தேவை என்று சிலர் கேட்பார்கள். பெயரை வைத்தே அண்ணன் தம்பியைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது அவர்கள் எண்ணம். நம் பக்கத்துக் குடும்பங்களில் அது நடப்பதில்லை. மூத்த பிள்ளைக்கு அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகப் பதிவாகியிருக்கும். அங்கே பிறந்த இளைய பிள்ளைக்குத் தாத்தாவின் பெயரோ ஞானஸ்நானப் பெயரோ வந்திருக்கும். பெயரைக் கொண்டு வரிசைப்படுத்தினால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் இருவரும் தனித்தனிக் குடும்பமாகி, இருவருக்கும் முழுக் கட்டணம் கேட்டுச் செய்தி போய்விடும். எது ஒரு குடும்பம் என்பதற்கும் முன்கூட்டியே ஒரு வரையறை வேண்டும். ஒரே தெருவில் வசிக்கும் அண்ணன் தம்பி வீட்டார் தங்கள் பிள்ளைகள் அனைவரையும் ஒரு குடும்பமாகச் சேர்க்கக் கேட்பதுண்டு. ஒரே ரசீதில் பணம் கட்டுகிறவர்களே ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வதுதான் சண்டையில்லாத வழி.

இனிக் கட்டணம். பெரும்பாலான குழப்பம் பருவத்தின் நடுவில்தான் வருகிறது, அதனால் ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் போட்டுக் காட்டுகிறேன். 12 வாரப் பருவத்துக்கு முதல் பிள்ளைக்கு 60 பவுண்டு, இரண்டாம் பிள்ளைக்கு 45, மூன்றாம் பிள்ளைக்கு 30 என்று வைத்துக்கொள்வோம். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டார் 135 பவுண்டு கட்டிவிடுகிறார்கள். நான்கு வாரம் கழித்து, பள்ளித் தேர்வைக் காரணம் காட்டி மூத்த பையன் நின்றுவிடுகிறான். அவனுடைய கட்டணம் 60 என்பதால், மீதி எட்டு வாரத்துக்கு 40 பவுண்டு திருப்பித் தர வேண்டும் என்று பெற்றோர் கேட்பார்கள். கேட்பது நியாயம் போலவே தோன்றும். ஆனால் முதல் நான்கு வாரம் மூன்று பிள்ளைகளுக்கான 135-இன் மூன்றில் ஒரு பங்கு 45 பவுண்டு; அடுத்த எட்டு வாரம் இரண்டு பிள்ளைகளுக்கான 105-இன் மூன்றில் இரண்டு பங்கு 70 பவுண்டு. மொத்தம் 115. ஆகவே திருப்பித் தர வேண்டியது 20 பவுண்டுதான்.

அந்த 20 என்பது மூன்றாம் பிள்ளைக்கான 30 பவுண்டில் எட்டு வாரப் பங்கு என்பதைக் கவனியுங்கள். அதாவது, நிற்பது மூத்தவனாக இருந்தாலும் கடைக்குட்டியாக இருந்தாலும், அந்த வீட்டின் கணக்கிலிருந்து கழிவது கடைசி இடத்துக்கான கட்டணமே. நடுவில் புதிதாகச் சேரும் பிள்ளைக்கும் அடுத்த இடத்துக்கான கட்டணமே கூடும். இந்த ஒரு விதியைச் சேர்க்கைப் படிவத்தில் எழுதி வைத்துவிட்டால், கட்டணத்தைப் பிள்ளையின் பெயரோடு ஒட்டிவைக்கும் பழக்கம் போய்விடும்.

தாளில் இந்த இடத்தைக் கணக்கிட, B நிரலில் குடும்ப எண்ணும் E நிரலில் பிள்ளை இப்போது படிக்கிறதா என்பதும் (ஆம் / இல்லை) இருந்தால், கீழ்க்கண்ட சூத்திரத்தை இரண்டாம் வரிசையில் இட்டுக் கீழே இழுத்தால் போதும்.

```
=IF(E2="ஆம்",COUNTIFS($B$2:B2,B2,$E$2:E2,"ஆம்"),0)
```

மூத்தவன் ‘இல்லை’ ஆன உடனே அடுத்த பிள்ளை தானாக 1 ஆகிவிடும். பாடம் எடுக்கும் பெற்றோரின் பிள்ளைக்குக் கட்டணத் தள்ளுபடி கொடுப்பதாக இருந்தால், அதையும் உடன்பிறப்புச் சலுகையையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடாமல், எது கூடுதலோ அதை மட்டும் கொடுங்கள். இங்கிலாந்தில் தன்னார்வலருக்குக் குற்றப் பின்னணியைப் பார்க்கும் டிபிஎஸ் சரிபார்ப்பு கட்டணமின்றிக் கிடைப்பது, அந்தப் பணியால் அவருக்கு நேரடி ஆதாயம் இல்லை என்ற நிபந்தனையின் பேரில்தான்; ஆகவே தள்ளுபடி அறிவிக்கும் முன், விண்ணப்பத்தை அனுப்பும் அமைப்பிடம் அதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

வருகைத் தாள் எளிது. வந்தால் ‘வ’, தாமதமானால் ‘தா’, வராவிட்டால் ‘இ’. பிள்ளை சேருவதற்கு முந்தைய வாரங்களையும் வகுப்பே நடக்காத வாரங்களையும் வெற்றாக விட வேண்டும், ‘இ’ போடக் கூடாது.

```
=(COUNTIF(D5:O5,"வ")+COUNTIF(D5:O5,"தா"))/COUNTA(D5:O5)
```

வெற்றுக் கட்டங்களை இது எண்ணாது என்பதால், ஆறாம் வாரம் சேர்ந்த பிள்ளையின் விழுக்காடு தேவையில்லாமல் விழாது. கட்டத்தில் யாராவது ஓர் இடைவெளியைத் தட்டிவிட்டால் மட்டும் அதுவும் ஒரு வகுப்பாக எண்ணப்பட்டு விழுக்காடு குறையும், பார்வைக்குத் தெரியவும் தெரியாது. அதனால் கட்டங்களில் மூன்று குறிகளை மட்டும் தேர்ந்தெடுக்கும் கீழ்விரி பட்டியலை வைத்துவிடுங்கள். ஊருக்கு விடுமுறையில் வந்த பிள்ளை அம்மாச்சி வீட்டிலிருந்து வகுப்பில் சேர்ந்தாலும் அது ‘வ’தான்.

ஆசிரியர் முறையை ஆள்வாரியாக ‘இந்த வாரம் யாரால் முடியும்’ என்று கேட்டு நடத்தினால், ஒரு பிள்ளை மாதத்தில் நான்கு முகங்களைப் பார்க்கும். ஒவ்வொருவரும் போன வாரம் எங்கே விட்டார்கள் என்று தெரியாமல் உயிரெழுத்திலிருந்து தொடங்குவார்கள். ஒரு வகுப்புக்கு நான்கு பேர் இருந்தால், 12 வாரத்தை மும்மூன்று வாரமாகப் பிரித்து, முதல் பகுதிக்கு ஒன்றாமவரும் இரண்டாமவரும், அடுத்ததற்கு இரண்டாமவரும் மூன்றாமவரும், பிறகு மூன்றாமவரும் நான்காமவரும், கடைசியில் நான்காமவரும் ஒன்றாமவரும் என்று கோத்துவிடுங்கள். ஒரே நேரத்தில் இருவரும் மாறுவதே இல்லை; தங்கியிருப்பவர் பாடம் நடத்த, புதிதாக வருபவர் துணையாக இருந்து பார்த்துக்கொள்வார். இணைய வகுப்பில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும் என்ற பாதுகாப்பு விதியும் இதில் அடங்கிவிடும். சொந்தப் பிள்ளை இருக்கும் வகுப்பை எந்தப் பெற்றோருக்கும் கொடுக்காதீர்கள்.

முறைப்பட்டியல் போடும்போது அங்குள்ள பள்ளி விடுமுறையை மட்டும் பார்ப்பது வழக்கம். ஊரிலிருந்து எடுப்பவர்களுக்கு டிசம்பர் 3 வரை கோட்டாறு சவேரியார் திருவிழா, மாசியில் மண்டைக்காட்டுக் கொடை; அந்த நாட்களை அவர்களிடம் முதலிலேயே கேட்டு வாங்குங்கள். இடையில் மாற்றம் வந்தால் நால்வருக்குள்ளேயே இடம் மாற்றிக்கொள்ளட்டும். பட்டியலைத் திருத்த வேண்டாம். உண்மையில் வகுப்பெடுத்தவர் பெயரையும், நிறுத்திய பக்க எண்ணையும் வருகைத் தாளில் அந்தத் தேதிக்கு மேலே எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாக நேரம். அங்கே காலை 10 மணி வகுப்பு நமக்குக் குளிர்காலத்தில் மாலை 3:30, கோடையில் பிற்பகல் 2:30. மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறும் அக்டோபரின் கடைசி ஞாயிறும் அங்கே கடிகாரம் மாறும் நாட்கள் என்பதால், அதை அடுத்து வரும் சனிக்கிழமை இங்கிருந்து எடுப்பவர் ஒரு மணி நேரம் பிந்தியோ முந்தியோ வந்து நிற்பார். பட்டியலில் ஒவ்வொரு தேதிக்கும் இரண்டு நாட்டு நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டால், அந்த வாரம் யாரையும் தொலைபேசியில் அழைக்க வேண்டியிருக்காது.