நாக்கால் மோப்பம், கன்னத்துக் குழியால் சூடு

கேள்வி: பாம்பு ஏன் நாக்கை நீட்டி நீட்டி உள்ளே இழுக்கிறது, அது ஏன் இரண்டாகப் பிளந்திருக்கிறது? சில விரியன்கள் கும்மிருட்டிலும் எலியின் உடல் சூட்டை வைத்தே கொத்தும் என்கிறார்களே, அது எப்படி?

நான் இதை முதலில் நிதானமாகப் பார்த்தது வால்பாறைப் பக்கம் ஒரு ஓடைக்கரையில், மழைக்கால இரவில். இடுப்பு உயரச் செடியில் ஒரு மலபார் குழிவிரியன் தலையைக் கீழே தொங்கவிட்டுச் சுருண்டிருந்தது. ஏறக்குறைய ஒரு மணி நேரம் தள்ளி நின்று பார்த்தோம். அவ்வளவு நேரமும் அது நாக்கை நீட்டவே இல்லை. எங்களில் ஒருவர் கிளையில் கால் இடறிய பிறகுதான் நாக்கு வந்தது. மெதுவாக வெளியே வந்து, நுனி இரண்டும் நன்றாக விரிந்து, மேலும் கீழுமாக அசைந்து, அப்புறம் உள்ளே போனது. வாய் திறக்கவில்லை. மேலுதட்டின் நடுவில் சின்னப் பள்ளம் ஒன்று இருக்கிறது, அதன் வழியாகத்தான் நாக்கு வந்து போகிறது.

அந்த நாக்கு கொட்டாது, அதில் விஷமும் கிடையாது. அதன் வேலை பொறுக்குவது. காற்றிலும் தரையிலும் இருக்கும் வாசனைத் துகள்கள் ஈரமான நுனிகளில் ஒட்டிக்கொள்கின்றன. காற்றில் நாக்கை மேலும் கீழும் ஆட்டும்போது அதன் இரு பக்கமும் சின்னச் சின்னக் காற்றுச் சுழல்கள் உண்டாகி, சுற்றியுள்ள காற்றை நாக்கை நோக்கி இழுக்கின்றன. அதனால் ஒரே தடவை நீட்டினாலே நிறைய காற்றைத் தொட்டுவிட முடிகிறது. தரையில் தடம் தேடும்போது இந்த ஆட்டம் இருக்காது, நுனி மண்ணைத் தொட்டுவிட்டுச் சட்டென்று திரும்பிவிடும்.

நாக்கு உள்ளே போன பிறகுதான் முகர்வது நடக்கிறது. மேல் அண்ணத்தில் இரண்டு நுண்ணிய துளைகள் உண்டு. அவை ஜேக்கப்சன் உறுப்பு என்ற ஜோடி உறுப்புக்குப் போகின்றன. 1813-இல் டென்மார்க்கைச் சேர்ந்த லுட்விக் ஜேக்கப்சன் பாலூட்டிகளிடம் இதை விவரித்ததால் அந்தப் பெயர். நம் ஊரிலும் இந்த உறுப்பு வேலை செய்வதைப் பார்க்கலாம். கிடா, பெட்டையின் மூத்திரத்தை முகர்ந்துவிட்டு மேலுதட்டைச் சுருட்டி, தலையைத் தூக்கிக்கொண்டு நிற்குமே, அப்போது அது வாசனையை இதே உறுப்புக்குத்தான் ஏற்றுகிறது. பாம்பு நாக்கின் இரண்டு நுனிகளையும் அந்த இரண்டு துளைகளுக்குள் நேராகச் செருகுகிறது என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள், அது தவறு. வாயை மூடிய நிலையில் எடுத்த எக்ஸ்ரே படங்களில் நாக்கு நேராகத் தன் உறைக்குள் போய்விடுவது தெரிகிறது. வாயின் அடித்தளத்தில் இருக்கும் மெத்தை போன்ற சதைதான் நாக்கு கொண்டுவந்த சரக்கை வாங்கி மேலே அழுத்திக் கொடுக்கிறது. பாம்புக்கு மூக்கும் உண்டு, அதுவும் முகரும். ஆனால் இரையின் தடத்தையும் இணையின் தடத்தையும் பிடிப்பதில் நாக்கின் கைதான் ஓங்கியிருக்கும்.

சரி, பிளவு எதற்கு? இரட்டை நாக்கு இருந்தால் ருசியும் இரட்டிப்பு என்று அரிஸ்டாட்டில் நினைத்தார். இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கத்தை 1994-இல் அமெரிக்க விலங்கியலாளர் கர்ட் ஷ்வென்க் தெளிவாக முன்வைத்தார். நமக்கு இரண்டு காது இருப்பதால் சத்தம் எந்தப் பக்கம் என்று தெரிகிறது அல்லவா, அதே கணக்குதான். விரிந்த இரண்டு நுனிகளும் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களைத் தொடுகின்றன. இடது நுனியில் வாசனை தூக்கலாக இருந்தால் தலை இடது பக்கம் திரும்பும். இரண்டிலும் சமமாக இருந்தால் பாம்பு தடத்தின் மேல்தான் இருக்கிறது, நேராகப் போகலாம். இரண்டிலும் ஒன்றுமில்லை என்றால் தடத்தை விட்டு விலகிவிட்டது, நின்று தலையை அப்படியும் இப்படியும் ஆட்டித் தேட வேண்டும். உடும்பின் நாக்கும் இப்படிப் பிளந்ததுதான், அதுவும் தடம் பிடித்துப் போகிற பிராணி.

இனி சூட்டுக்கு வருவோம். எல்லா விரியனுக்கும் இந்தத் திறன் கிடையாது. நம் வயல்காட்டுக் கண்ணாடி விரியனுக்கும் சுருட்டை விரியனுக்கும் கன்னத்தில் குழி இல்லை. கட்டுவிரியன் பெயரில்தான் விரியன், அது நல்ல பாம்பின் குடும்பம். குழி உள்ளவை மேற்குத் தொடர்ச்சி மலையின் மலபார் குழிவிரியன், மூங்கில் குழிவிரியன், எஸ்டேட்களில் காய்ந்த இலைக்குள் கிடக்கும் கூன்மூக்குக் குழிவிரியன் போன்றவை. அமெரிக்கக் கண்டத்தின் கிலுகிலுப்பைப் பாம்பும் இதே கூட்டம்தான். நல்ல புகைப்படம் ஒன்றை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே, மூக்குத் துளையைவிடப் பெரிதாக ஒரு பள்ளம் தெரியும். மெக்சிகோவில் இந்த வகைப் பாம்பு ஒன்றை நவுயாக்கா என்கிறார்கள், அந்த ஊர்ப் பழைய மொழியில் நாலு மூக்கு என்று பொருள்.

அந்தப் பள்ளத்துக்குள் ஒரு சவ்வு குறுக்கே கட்டியிருக்கிறது. கனம் சுமார் 15 மைக்ரான், நம் தலைமுடியின் கனத்தில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. அதன் முன்னாலும் காற்று, பின்னாலும் காற்று, அந்தரத்தில் தொங்குகிற மாதிரி. இந்த அமைப்பில்தான் சூட்சுமம் இருக்கிறது. தோசைக்கல்லைத் தொடாமல் மேலே கையைக் காட்டினாலே சூடு உறைக்கும். ஆனால் நம் தோல் தடிமனானது, அடியில் சதையும் இருக்கிறது, வாங்கிய சூடு உள்ளே இறங்கிக் காணாமல் போய்விடும். இந்தச் சவ்வுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு எதுவும் இல்லாததால், துளி சூடு விழுந்தாலும் சட்டென்று வெப்பம் ஏறிவிடும். சவ்வின் வெப்பம் 0.003 டிகிரி செல்சியஸ் மாறினாலே நரம்பின் துடிப்பு மாறுகிறது என்பது 1950-களில் தியோடர் புல்லக் குழுவினர் நடத்திய சோதனைகளின் கணக்கு. ஏறிய சூடு அங்கேயே தங்கிவிட்டால் எலி நகர்ந்த பிறகும் பழைய இடத்திலேயே தெரியும். அதைத் தடுக்க, சவ்வு முழுக்கப் பின்னியிருக்கும் மெல்லிய ரத்தக் குழாய்கள் சூட்டை உடனுக்குடன் அள்ளிக்கொண்டு போகின்றன.

நைட் விஷன் கேமரா மாதிரி என்று சொல்வது பாதிதான் சரி. இது கண்ணைப் போல ஒளியைப் பிடிப்பதில்லை, சவ்வு உண்மையாகவே சூடாகிறது, அந்தச் சூட்டைத்தான் நரம்பு உணர்கிறது. அந்த நரம்பும் கண் நரம்பு அல்ல. நமக்குப் பல்வலியைச் சொல்கிற, முகத்தின் உணர்வு நரம்பின் பாம்பு வடிவம் அது. 2010-இல் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்கூடம் அந்த நரம்பு நுனிகளில் சூட்டை உணரும் புரதத்தைக் கண்டுபிடித்தது. அதன் பெயர் டிஆர்பிஏ1. அதே புரதம் நம்மிடமும் உண்டு, கடுகை அரைத்தால் மூக்கில் ஏறும் நெடியை நமக்கு உணர்த்துவது அதுதான். நமக்குக் கடுகு நெடியைச் சொல்வது அந்தப் பாம்புக்கு எலியைச் சொல்கிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

குழியின் வாய் அகலமாக இருப்பதால் சவ்வில் விழும் படம் மங்கல்தான். எலியின் காது, வால் எல்லாம் தெரியாது. குளிர்ந்த பின்னணியில் ஒரு சூடான திட்டு, அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பது மட்டும் தெரியும், அதுவும் எலி அளவுள்ள இரை என்றால் ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரத்துக்குள். ஆனால் மூளையில் இந்தச் சூட்டுப் படமும் கண்ணின் படமும் ஒரே பகுதிக்கு வந்து சேர்கின்றன, கண்ணும் குழியும் சேர்ந்தால்தான் பதில் சொல்லும் நரம்புச் செல்கள்கூட அங்கே இருக்கின்றன. கண் தெரியாவிட்டாலும் குறி தப்பாது என்பதற்கு 1937-ஆம் வருடச் சோதனை ஒன்று சாட்சி. நோபிள், ஷ்மிட் என்ற இருவர் கிலுகிலுப்பைப் பாம்புகளின் கண்ணை மூடிவிட்டு, துணி சுற்றிய மின்விளக்குகளை முன்னால் ஆட்டினார்கள். சூடான விளக்கைப் பாம்பு கொத்தியது, குளிர்ந்ததை விட்டுவிட்டது.

குழிக்குத் தெரிவது வித்தியாசம்தான், வெறும் சூடு அல்ல. பின்னணியைவிடச் சூடானது வந்தால் நரம்பின் துடிப்பு கூடும், குளிர்ந்தது வந்தால் குறையும். ஆகவே இரையின் உடம்பும் பின்னால் இருக்கும் பாறையும் ஒரே சூட்டில் இருந்தால் குழிக்கு அதிகம் பிடிபடாது. பாம்பின் இந்தச் சூட்டுணர்வைத் தனக்குச் சாதகமாகத் திருப்பிக்கொண்ட பிராணி ஒன்றும் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் தரை அணில், கிலுகிலுப்பைப் பாம்பைக் கண்டால் வாலுக்கு ரத்தத்தைப் பாய்ச்சிச் சூடாக்கி ஆட்டுகிறது, பாம்பும் தாக்குவதை விட்டுத் தற்காப்புக்கு மாறுகிறது. குழி இல்லாத வேறு வகைப் பாம்பு எதிரே வந்தால் அதே அணில் வாலை ஆட்டும், சூடாக்காது. 2007-இல் வெளியான ஆய்வு இது.

இப்போது இரண்டையும் சேர்த்து ஒரு வேட்டையைப் பாருங்கள். கிலுகிலுப்பைப் பாம்பு எலி போகும் பாதையோரம் சுருண்டு கிடக்கிறது. எலி அருகே வரும்போது திசையைக் காட்டுவது குழியும் கண்ணும். கொத்து விழுகிறது, பெரிய எலியென்றால் உடனே விட்டுவிடும். பிடித்து வைத்துக்கொண்டால் எலியின் பல் பாம்பின் கண்ணையோ அந்தச் சவ்வையோ கிழித்துவிடும். எலி ஓடிப்போய் எங்கேயோ புல்லுக்குள் விழுகிறது. இனி குழியால் பெரிய பிரயோஜனம் இல்லை, எலி கைக்கெட்டும் தூரத்தில் இல்லையே. சற்றுப் பொறுத்துப் பாம்பின் நாக்கு கிளம்புகிறது, கொத்துவதற்கு முன்பு அசையாதிருந்த நாக்கு இப்போது நிமிடத்துக்குப் பல முறை வந்து போகும்.

அந்த இடத்தில் எத்தனையோ எலிகளின் தடம் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும், தன் எலி எது என்று எப்படித் தெரியும்? விஷம் ஏறிய எலியின் வாசனை மாறுகிறது. விஷம் ஏறிய எலி ஒன்றையும் ஏறாத எலி ஒன்றையும் எதிரே வைத்தால், ஏறியதைத்தான் பாம்பு அதிக நேரம் நாக்கால் ஆராய்கிறது. விஷத்தில் எந்தப் பகுதி இதற்குக் காரணம் என்று பிரித்துப் பார்த்ததில், 2013-இல் டிஸ்இன்டெக்ரின் வகைப் புரதங்கள் என்று தெரிந்தது. அவை எலியைக் கொல்வதற்காக இல்லை, அடையாளம் வைப்பதற்கு உதவுகின்றன. மரத்தில் வாழும் குழிவிரியன்கள் பலவும் இரையை விடாமல் கவ்விக்கொண்டே தொங்கும், கிளையிலிருந்து தவறிக் கீழே விழுந்த இரையை எங்கே போய்த் தேடுவது?

கிலுகிலுப்பைப் பாம்பு இரண்டு நுனிகளாலும் இடமும் வலமும் ஒப்பிட்டுக்கொண்டே போய், கடைசியில் செத்த எலியின் பக்கத்தில் நிற்கும். உடனே விழுங்காது. முதலில் உடம்பு நெடுக நாக்கை ஓட்டும், பெரும்பாலும் தலை எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்த பிறகுதான் வாய் திறக்கும்.